பனிக்கட்டியும் வெந்நீரும்: பாக்டீரியாவுக்குள் பிளாஸ்மிட் நுழையும் விதம்



ஆறாம் படிவத்து உயிரியல் நூலைப் புரட்டுகின்ற மாணவர், மரபணுத் தொழில்நுட்பப் பகுதியில் ஒரு படத்தைக் காண்பர். வட்டமான பிளாஸ்மிட் ஒன்று வெட்டப்படுகிறது. வேற்று மரபணு அதில் ஒட்டப்படுகிறது. பின்னர் ஓர் அம்புக்குறி. அம்பின் முனையில் பாக்டீரியா. அந்த அம்புக்குறியைப் பற்றித்தான் இன்று பேச முன்வந்துள்ளோம். வெட்டுதலையும் ஒட்டுதலையும் பற்றி நூல் பல பக்கங்கள் விளக்குகிறது. பாக்டீரியாவுக்குள் பிளாஸ்மிட் எவ்வாறு புகுந்தது என்பதைப் பெரும்பாலும் ஒரே வரியில் முடித்துவிடுகிறது: கால்சியம் குளோரைடு இடுக, 42 பாகை செல்சியசில் சூடேற்றுக. அந்த ஒரு வரிக்குள் நடப்பது என்ன, அது எவ்வளவு அரிதாக நடக்கிறது, அவ்வளவு அரிதாக நடந்தும் நமக்கு அது ஏன் போதுமானதாக இருக்கிறது என்பவையே இவ்வுரையின் பொருள்.

மூடிய வாயில்

சில பாக்டீரியாக்கள் தம்மைச் சூழ்ந்துள்ள டி.என்.ஏ.வைத் தாமே உள்ளிழுத்துக்கொள்ளும். 1928ஆம் ஆண்டில் பிரெடரிக் கிரிஃபித் நிமோனியா பாக்டீரியாவில் கண்ட மரபுமாற்றம் அவ்வகையைச் சேர்ந்தது. அந்த மாற்றத்தைச் செய்யும் பொருள் டி.என்.ஏ.தான் என்பதை 1944இல் ஆஸ்வால்ட் ஏவரியும் அவருடன் பணியாற்றியவர்களும் காட்டினர். ஆனால் ஆய்வகங்கள் அனைத்திலும் வளர்க்கப்படும் ஈ.கோலி பாக்டீரியா அப்படிப்பட்டதன்று. சாதாரணமான ஆய்வக வளர்ப்பில் உள்ள ஈ.கோலியின் மீது டி.என்.ஏ.வை ஊற்றினால் கணக்கில் கொள்ளத்தக்க அளவில் எதுவும் உள்ளே செல்வதில்லை.

காரணத்தின் ஒரு பகுதி மின்சுமையில் இருக்கிறது. டி.என்.ஏ.வின் முதுகெலும்பு பாஸ்பேட்டுகளால் ஆனது. ஆதலால் அது முழுவதும் எதிர்மின் சுமை கொண்டது. ஈ.கோலியின் வெளிச்சவ்வின் புறப்பரப்பில் கொழுப்புச் சர்க்கரை மூலக்கூறுகள் நெருக்கமாக நிற்கின்றன. அவற்றிலும் பாஸ்பேட்டுகள் உள்ளன. எனவே அப்பரப்பும் எதிர்மின் சுமை கொண்டது. ஒரே வகைச் சுமைகள் ஒன்றையொன்று விலக்கும் என்பதை இடைநிலைப்பள்ளி மாணவரும் அறிவர். டி.என்.ஏ. உயிரணுவின் அருகில் வந்தாலும் அதன்மேல் தங்க முடிவதில்லை. தங்கினாலும் வெளிச்சவ்வு, அதற்கு உட்புறத்தே செல்சுவர், அதற்கும் உட்புறத்தே உட்சவ்வு என மூன்று அடுக்குகளைக் கடக்க வேண்டும்.

1970ஆம் ஆண்டில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டன் மாண்டலும் அகிகோ ஹிகாவும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பாக்டீரியாவைத் தாக்கும் வைரசின் டி.என்.ஏ.வை மட்டும் தனியே பிரித்தெடுத்து, கால்சியம் அயனிகள் உள்ள குளிர்ந்த கரைசலில் ஈ.கோலியுடன் கலந்தால், அந்த டி.என்.ஏ. உயிரணுவுக்குள் சென்று புதிய வைரஸ்களை உண்டாக்குகிறது என்பதே அவர்கள் கண்டது. அவர்களுக்கு வேண்டியது வைரஸ் ஆய்வு. பாக்டீரியாவின் மரபையே மாற்றி, அம்மாற்றம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்வதைக் காட்டுவது அடுத்தவர் கைக்கு வந்தது. 1972இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி கோஹன், ஆனி சாங், லெஸ்லி சூ ஆகிய மூவரும் அதே கால்சியம் முறையைப் பிளாஸ்மிட்டுக்குப் பயன்படுத்தினர். ஆன்டிபயாட்டிக் மருந்துகளை எதிர்க்கும் தன்மை தரும் பிளாஸ்மிட்டை ஏற்றுக்கொண்ட ஈ.கோலி, அம்மருந்து கலந்த தட்டிலும் வளர்ந்தது. அதன் வழித்தோன்றல்களும் வளர்ந்தன. அடுத்த ஆண்டு, 1973இல், கோஹன், சாங், ஹெர்பர்ட் பாயர், ராபர்ட் ஹெல்லிங் ஆகியோர் வெட்டி ஒட்டிய பிளாஸ்மிட்டை இதே வழியில் பாக்டீரியாவுக்குள் செலுத்தினர். மரபணுப் படியாக்கம் அவ்வாறு தொடங்கிற்று. வெட்டும் நொதியும் ஒட்டும் நொதியும் கையிலிருந்தும், கால்சியம் முறை இல்லாதிருந்தால் ஒட்டிய வட்டம் சோதனைக் குழாயிலேயே கிடந்திருக்கும்.

கால்சியம் என்ன செய்கிறது

கால்சியம் அயனி இரண்டு நேர்மின் சுமை கொண்டது. ஒரு கையால் டி.என்.ஏ.வின் பாஸ்பேட்டையும் மறுகையால் சவ்வின் பாஸ்பேட்டையும் பற்றிக்கொள்ளக்கூடிய பாலம் அது என்று சொல்லலாம். விலக்கும் இரு பரப்புகளுக்கு நடுவே அது நிற்பதால் டி.என்.ஏ. உயிரணுவின் மேற்பரப்பில் படிகிறது. அத்துடன், சவ்வின் கொழுப்புகளோடு சேர்ந்து அவற்றின் அடுக்கமைப்பையும் மாற்றுகிறது. இவ்வாறு டி.என்.ஏ.வை ஏற்கும் நிலைக்குக் கொண்டுவரப்பட்ட உயிரணுக்களை ஏற்புத் திறன் பெற்றவை என்கிறோம்.

இதற்கான தயாரிப்பு நீண்டதன்று. முதல் நாள் மாலையில் தொடங்கிய வளர்ப்பிலிருந்து சிறிதளவு எடுத்து 50 மில்லிலிட்டர் புதிய ஊட்டக்கரைசலில் இடுவோம். 37 பாகையில் குலுக்கி வளர்த்து, 600 நானோமீட்டர் ஒளியில் அதன் ஒளியடர்த்தி ஏறத்தாழ 0.4 ஆகும்போது நிறுத்துவோம். அப்போது மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 100 மில்லியன் உயிரணுக்கள் இருக்கும். அவை விரைந்து பிரிந்துகொண்டிருக்கும் பருவம் அது. இப்பருவத்தைத் தவறவிட்டு, வளர்ப்பு முற்றியபின் எடுத்தால் ஏற்புத் திறன் வெகுவாகக் குறைந்துவிடும். உயிரணுக்களைப் பனிக்கட்டியில் குளிரவைத்து, 4 பாகைக் குளிரிலேயே மையவிலக்கியில் சுழற்றி அடியில் படியச் செய்து, மேல்நீரைக் கொட்டிவிட்டு, 0.1 மோலார் அடர்த்தியுள்ள குளிர்ந்த கால்சியம் குளோரைடு கரைசலில் மெல்ல மிதக்கவிட வேண்டும். இதை இன்னொருமுறை செய்து, இறுதியில் 2 மில்லிலிட்டர் கரைசலில் எடுத்துக்கொள்கிறோம். உடனே பயன்படுத்தலாம், பனிக்கட்டியிலேயே சில மணி நேரம் விட்டும் பயன்படுத்தலாம். 12 முதல் 24 மணி நேரம் வரை கால்சியம் கரைசலில் 4 பாகையில் வைத்திருந்தால் ஏற்புத் திறன் பலமடங்கு உயர்கிறது என்பதை 1979இல் டாகெர்ட், எர்லிக் இருவரும் காட்டினர். அதற்குமேல் வைத்தால் அது மீண்டும் குறையும்.

ஜொகூரில் இப்பணியைச் செய்பவர் கவனிக்க வேண்டிய ஒன்று இங்கே உண்டு. கால்சியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் உப்பு. ஈரத்தை அகற்றும் பொருளாகவே அதை வேதியியல் கூடங்களில் வைத்திருப்பார்கள். ஆண்டு முழுவதும் ஈரம் மிகுந்த நம் வானிலையில் மூடி திறந்த புட்டி விரைவில் கட்டிபட்டு, பின்னர் கசிந்துவிடும். அதிலிருந்து நிறுத்தெடுக்கும் ஒவ்வொரு கிராமிலும் ஒரு பங்கு நீராக இருக்கும். கரைசலின் அடர்த்தி நாம் எண்ணியதைவிடக் குறைந்துபோகும். மேலும், இவ்வுப்பு நீரற்றதாகவும் இரு நீர் மூலக்கூறுகள் சேர்ந்ததாகவும் விற்கப்படுகிறது. முன்னதன் மோலார் நிறை ஏறத்தாழ 111. பின்னதன் மோலார் நிறை 147. 1 லிட்டர் 0.1 மோலார் கரைசலுக்கு முன்னதில் 11.1 கிராமும் பின்னதில் 14.7 கிராமும் வேண்டும். நீர் சேர்ந்த உப்பை 11.1 கிராம் மட்டும் எடுத்துக் கரைத்தால் கிடைப்பது ஏறத்தாழ 0.076 மோலார்தான். புட்டியின் ஒட்டுத்தாளைப் படித்த பின்னரே நிறுத்தெடுக்க வேண்டும். கரைசலை ஒருமுறை சரியாகச் செய்து, கிருமி நீக்கி, சிறு குழாய்களில் பிரித்து உறைகுளிரில் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை ஒவ்வொரு முறையும் எழாது.

45 விநாடிச் சூடு

ஏற்புத் திறன் பெற்ற உயிரணுக்களில் 100 மைக்ரோலிட்டரை எடுத்து, பனிக்கட்டியில் புதைத்த குழாயில் பிளாஸ்மிட்டுடன் கலக்கிறோம். 30 நிமிடம் அப்படியே விடுகிறோம். பின்னர் அக்குழாயை 42 பாகை வெந்நீர்த் தொட்டியில் 45 விநாடி நிறுத்தி, உடனே பனிக்கட்டிக்குத் திருப்புகிறோம். இதுவே வெப்ப அதிர்ச்சி எனப்படுகிறது.

இந்த 45 விநாடியில் நடப்பதை விளக்க, சவ்வில் துளைகள் திறக்கின்றன, டி.என்.ஏ. அவற்றின் வழியே பாய்கிறது என்று நூல்களில் எழுதுவது வழக்கம். இதை முடிவான உண்மையாகக் கற்பிக்காமல், ஒரு விளக்கமாகக் கற்பிப்பதே நேர்மை. ஐயத்திற்கு இடமற்றவை சில உள்ளன. குளிரில் சவ்வின் கொழுப்புகள் இறுகி நெகிழ்ச்சி குறைகின்றன. திடீர்ச் சூட்டில் அவை தளர்கின்றன. படிப்படியாகச் சூடேற்றுவதைவிட, சட்டென்று நிகழும் மாற்றமே நல்ல பயன் தருகிறது. உயிரணுவின் உட்புறம் வெளிப்புறத்தைவிட எதிர்மின் அழுத்தம் கொண்டது என்பதும் தெரியும். வெப்ப அதிர்ச்சி அந்த அழுத்த வேறுபாட்டைக் குறைத்து, எதிர்மின் சுமை கொண்ட டி.என்.ஏ.வுக்கு எதிராக நிற்கும் தடையைத் தளர்த்துகிறது என்பது ஆய்வாளர் சிலர் முன்வைக்கும் காரணம். மூன்று அடுக்குகளையும் டி.என்.ஏ. எந்த வழியில் கடக்கிறது என்பதில் கருத்து வேறுபாடு இன்னும் உண்டு.

45 விநாடி என்பது மந்திர எண் அன்று. மெல்லிய சுவருள்ள சிறு குழாய்க்கு அது பொருந்துகிறது. தடித்த குழாயில், கூடுதல் கரைசலில், உள்ளே வெப்பம் செல்லக் காலம் பிடிக்கும். அங்கே 90 விநாடி வரை தேவைப்படலாம். இறுதியில் கணக்கில் வருவது உயிரணுக்கள் உணர்ந்த வெப்பமே ஆகும். நீண்ட நேரம் சூட்டில் வைத்தால் உயிரணுக்கள் இறக்கும்; குறைத்தால் டி.என்.ஏ. நுழையாது. ஆகையால் தொட்டியின் முகப்பில் ஒளிரும் எண்ணை நம்பிவிடாமல், அதே வகைக் குழாயில் நீர் ஊற்றி, அதனுள் வெப்பமானியை இட்டுப் பார்க்க வேண்டும். பனிக்கட்டியிலும் கருத்து வேண்டும். உடைத்த பனிக்கட்டித் துண்டுகளின் இடையே காற்று நிற்கும். குழாய் முழுவதும் குளிரைத் தொடாது. சிறிது நீரும் கலந்த பனிக்கட்டிக் குழம்பே 0 பாகையைக் குழாயின் எல்லாப் பக்கத்திற்கும் தரும். நம் ஊரில் மின்விசிறி மட்டும் சுழலும் அறையில் குழாயை விரலிடையே பிடித்துப் பேசிக்கொண்டிருந்தாலே உயிரணுக்கள் சூடேறிவிடும். அவ்வாறு சூடேறியவை ஏற்புத் திறனை இழக்கத் தொடங்குகின்றன.

வெப்ப அதிர்ச்சிக்குப்பின் 2 நிமிடம் பனிக்கட்டியில் வைத்து, 900 மைக்ரோலிட்டர் ஊட்டக்கரைசல் சேர்த்து, 37 பாகையில் ஒரு மணி நேரம் வைக்கிறோம். இந்த ஒரு மணி நேரம் ஓய்வுக்காக மட்டும் அன்று. பிளாஸ்மிட் உள்ளே வந்துவிட்டது என்பதால் மட்டும் பாக்டீரியா ஆம்பிசிலினை எதிர்த்துவிடாது. பிளாஸ்மிட்டில் உள்ள மரபணுவைப் படித்து, ஆம்பிசிலினை உடைக்கும் பீட்டா-லாக்டமேஸ் நொதியை அது உருவாக்கியாக வேண்டும். அதற்குள் தட்டில் பரப்பிவிட்டால், பிளாஸ்மிட் பெற்றவையும் மருந்துக்கு இரையாகிவிடும்.

ஒரு கணக்கு

இப்போது ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பியூசி19 என்னும் பிளாஸ்மிட் 2,686 கார இணைகளைக் கொண்டது. ஆய்வகங்களில் அளவுகோலாக அதையே பயன்படுத்துவர். அதில் 1 நானோகிராம் இட்டோம் என்க. மேற்சொன்னவாறு எல்லாம் செய்தபின் கிடைத்த 1 மில்லிலிட்டரில், பத்தில் ஒரு பங்கான 100 மைக்ரோலிட்டரை ஆம்பிசிலின் தட்டில் பரப்பினோம். மறுநாள் காலையில் 150 காலனிகள் தென்பட்டன.

பத்தில் ஒரு பங்கில் 150 என்றால் முழுவதில் 1,500. 1 நானோகிராமுக்கு 1,500 என்றால், அதன் ஆயிரம் மடங்கான 1 மைக்ரோகிராமுக்கு 1.5 மில்லியன். இதையே ஏற்புத் திறனின் அளவாக எழுதுகிறோம்: மைக்ரோகிராமுக்கு 1.5 மில்லியன் காலனிகள். எளிய கால்சியம் குளோரைடு முறைக்கு இது ஏற்கத்தக்க நடுத்தர அளவு.

அந்த எண்ணைப் பார்த்து, ஏராளமாக நுழைந்துவிட்டது என்று மயங்கக் கூடாது. 2,686 கார இணைகள் கொண்ட வட்டத்தின் மூலக்கூறு நிறை ஏறத்தாழ 1.75 மில்லியன். அவகாட்ரோ எண்ணைக் கொண்டு கணக்கிட்டால், 1 நானோகிராமில் ஏறத்தாழ 345 மில்லியன் பிளாஸ்மிட்டுகள் உள்ளன. அவற்றிலிருந்து கிடைத்த காலனிகளோ 1,500. அதாவது 230,000 பிளாஸ்மிட்டுகளில் ஒன்று மட்டுமே ஒரு காலனியை உண்டாக்கியது. உயிரணுக்களின் பக்கம் திரும்பினாலும் நிலை அதுவே. முதலில் 50 மில்லிலிட்டரில் இருந்த 5,000 மில்லியன் உயிரணுக்களை, இழப்பு ஏதுமில்லை என்று கொண்டால், 2 மில்லிலிட்டருக்குள் ஒடுக்கினோம். நாம் எடுத்த 100 மைக்ரோலிட்டரில் 250 மில்லியன் உயிரணுக்கள் இருந்தன. அவற்றுள் 1,500 மட்டுமே மாறின. ஒவ்வொரு மாறிய உயிரணுவுக்கும் மாறாத உயிரணுக்கள் ஏறத்தாழ 167,000.

இவ்விடத்தில்தான் ஆம்பிசிலினின் பணி விளங்குகிறது. ஒன்றைத் தேடி 167,000ஐப் பரிசோதிக்க எவராலும் இயலாது. மருந்து கலந்த தட்டு மாறாதவற்றை வளரவிடாமல் ஒடுக்கிவிடுகிறது. மாறிய ஒன்று மட்டும் இரவெல்லாம் பெருகிக் கண்ணுக்குத் தெரியும் புள்ளியாகிறது. முறையின் வலிமை அது நுழையச் செய்யும் அளவில் இல்லை. நுழைந்த ஒன்றைத் தவறாமல் கண்டெடுக்க முடிவதில் இருக்கிறது. 1972இல் கோஹன் குழுவினர் பிளாஸ்மிட்டைத் தேர்ந்ததற்கான பயனும் இதுவே: அதனுள்ளேயே எதிர்ப்பு மரபணு இருந்தது.

அரிதாக நுழைவதிலேயே இன்னொரு நன்மையும் உண்டு. டி.என்.ஏ. குறைவாக இருக்கும்போது ஓர் உயிரணுவுக்குள் இரண்டு வேறு பிளாஸ்மிட்டுகள் புகுவது மிக அரிது. ஆகவே ஒரு காலனியிலுள்ள பிளாஸ்மிட்டுகள் அனைத்தும் ஒரே மூலக்கூறின் படிகள் என்று கொள்ளலாம். ஒட்டும் வினையில் பல வகை வட்டங்கள் கலந்து கிடைக்கும். அக்கலவையை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தருவது இந்தத் தட்டே. படியாக்கம் என்ற சொல்லின் பொருள் இங்கே முழுமை பெறுகிறது. ஆனால் டி.என்.ஏ.வை அளவுக்கு மீறி இட்டால் இந்த நன்மை குறையும். ஏற்புத் திறன் பெற்ற சிறு பங்கு உயிரணுக்களே ஏற்கின்றன. அவை நிறைந்தபின் மேலும் டி.என்.ஏ. இட்டாலும் காலனிகள் அதே வீதத்தில் கூடுவதில்லை, ஒரே உயிரணுவுக்குள் பல பிளாஸ்மிட்டுகள் செல்வதோ கூடுகிறது.

தட்டைப் படித்தல்

இம்முறையில் தவறு நேர்ந்தால் அது எங்கே நேர்ந்தது என்பதை நான்கு தட்டுகள் சொல்லும். முதல் தட்டில் மருந்தில்லை. பிளாஸ்மிட் இடாத உயிரணுக்கள் பரப்பப்படுகின்றன. இரண்டாவது தட்டில் மருந்துண்டு. அதிலும் பிளாஸ்மிட் இடாத உயிரணுக்களே. மூன்றாவதில் மருந்தும் அளவறிந்த பியூசி19உம். நான்காவதில் மருந்தும் நமக்கு வேண்டிய, வெட்டி ஒட்டிய கலவையும்.

முதல் தட்டு நெருங்கிய பாய்போல் வளர வேண்டும். வளராவிட்டால் உயிரணுக்கள் வெப்பத்திலோ குளிர்க் காப்பிலோ இறந்துவிட்டன. இரண்டாவது தட்டு வெறுமையாக இருக்க வேண்டும். அங்கும் பாய்போல் வளர்ந்திருந்தால் ஆம்பிசிலின் செயலற்றுவிட்டது என்று பொருள். அகார் மிகவும் சூடாக இருக்கையில் மருந்தைச் சேர்த்திருப்பர். அல்லது தட்டுகளைக் குளிர்ப்பெட்டிக்கு வெளியே நீண்ட நாள் விட்டிருப்பர். அகார் கையில் தாங்கக்கூடிய அளவுக்கு, அதாவது 50 பாகைக்குக் கீழே, ஆறிய பின்னரே ஆம்பிசிலினைக் கலக்க வேண்டும்.

முதலிரண்டும் சரியாக அமைந்தபின் மூன்றாவதையும் நான்காவதையும் ஒப்பிட வேண்டும். மூன்றாவதில் 150 காலனியும் நான்காவதில் ஒன்றும் இல்லையென்றால், உயிரணுக்கள் குறையற்றவை. ஒட்டும் வினையே தவறியது. இரண்டிலும் இல்லையென்றால் உயிரணுக்களின் ஏற்புத் திறனோ சூடேற்றிய முறையோதான் காரணம். மூன்றாவது தட்டு இல்லாமல் நான்காவதை மட்டும் வைத்திருப்பவருக்கு இந்த இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. ஒரு நானோகிராம் பிளாஸ்மிட்டை மிச்சப்படுத்தி ஒரு வாரத்தை இழப்பது சிக்கனமாகாது.

நான்காவதில் மூன்றாவதைவிடக் குறைவான காலனிகள் தோன்றுவது இயல்பே. பியூசி19 இறுக முறுக்கிய வட்டம்; ஒட்டிய கலவையில் முறுக்கு இல்லாத வட்டங்களும் நேர்கோடாகவே நின்றுவிட்ட துண்டுகளும் இருக்கும். நேர்கோட்டு டி.என்.ஏ. உள்ளே சென்றாலும், ஈ.கோலியின் நொதிகள் அதன் முனையைப் பற்றித் தின்றுவிடுகின்றன. முனையில்லாத வட்டம் தப்பிக்கிறது. மேலும், பெரிய பிளாஸ்மிட் சிறியதைவிட அரிதாகவே நுழைகிறது.

கடைசியாக ஒன்று. நல்ல காலனியைச் சுற்றிச் சிறுசிறு புள்ளிகள் கூட்டமாகத் தோன்றுவதைச் சிலர் கண்டிருக்கக்கூடும். நடுவில் உள்ளது மரபு மாறிய பாக்டீரியா. அது உண்டாக்கும் பீட்டா-லாக்டமேஸ் சுற்றிலும் கசிந்து அங்குள்ள ஆம்பிசிலினை உடைத்துவிடுவதால், மாறாத பாக்டீரியாக்கள் அதன் நிழலில் முளைக்கின்றன. அவற்றை எடுத்து வளர்த்தால் பிளாஸ்மிட் கிடைக்காது. தட்டுகளை 16 முதல் 18 மணி நேரத்திற்குமேல் 37 பாகையில் விடாதிருப்பதும் பெரிய காலனியின் நடுவைத் தொட்டு எடுப்பதும் இதற்கு மருந்து.

முறையின் எல்லை

மைக்ரோகிராமுக்கு ஒரு மில்லியன் என்பது ஆயத்தமாக உள்ள பிளாஸ்மிட்டை நுழைக்கப் போதும். ஓர் உயிரியின் மரபணுக்கள் எல்லாவற்றையும் காலனிகளாகச் சேகரிக்க வேண்டுமென்றால் அது போதாது. 1983இல் டக்ளஸ் ஹனஹான், கால்சியத்துடன் மாங்கனீசு முதலிய வேறு அயனிகளையும் சில கரிமப் பொருள்களையும் சேர்த்து, உரிய வகை ஈ.கோலியைத் தேர்ந்து, மைக்ரோகிராமுக்கு 100 மில்லியனுக்கும் மேல் எட்டினார். 1990இல் இனோவே குழுவினர் பாக்டீரியாவை 37 பாகைக்குப் பதிலாக 18 பாகையில் மெதுவாக வளர்த்து அதைவிடவும் உயர்த்தினர். இன்று மின்துடிப்பினால் நுழைக்கும் முறையும் உண்டு. அதற்குக் கருவி வேண்டும். உயிரணுக்களில் உப்பின் சுவடும் இருக்கக் கூடாது. கால்சியம் குளோரைடு முறைக்கு வேண்டியவையோ குளிர் மையவிலக்கி ஒன்று, வெந்நீர்த் தொட்டி ஒன்று, பனிக்கட்டி ஒரு வாளி. கற்பிக்கும் ஆய்வகங்களில் அது நிலைத்திருப்பதற்குக் காரணம் அதுவே.

தங்காக்கிலுள்ள மெட்ரிகுலேஷன் கல்லூரியில் படித்து, பின்னர் ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களுக்குச் செல்லும் மாணவர், இந்த நான்கு தட்டுகளைத் தம் கையாலேயே பரப்பும் நாள் வரும். மரபு மாற்றிய உயிரிகளைக் கையாளுதல் நம் நாட்டில் 2007ஆம் ஆண்டு உயிரியல் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டது. ஆகையால் அது உரிய அனுமதியுள்ள ஆய்வகத்திலேயே நடைபெற வேண்டும். பயன்படுத்திய தட்டுகளை 121 பாகை நீராவி அழுத்தத்தில் கொன்ற பின்னரே அப்புறப்படுத்த வேண்டும்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அந்தப் படத்தைக் கரும்பலகையில் வரையும்போது, அம்புக்குறியின்மேல் 230,000இல் ஒன்று என்று எழுதுங்கள். வெட்டிய பிளாஸ்மிட்டுகள் எல்லாம் வரிசையாகப் பாக்டீரியாவுக்குள் நடந்து செல்வதாக மாணவர் எண்ண மாட்டார்கள். ஆம்பிசிலின் எதற்கு, ஒரு மணி நேரக் காத்திருப்பு எதற்கு, நான்கு தட்டுகள் எதற்கு என்ற கேள்விகளுக்கு விடையை அவர்களே அந்த எண்ணிலிருந்து வருவித்துக்கொள்வார்கள்.